ஞாயிறு பின்னேரக் கொப்பி: மிஞ்சின வேலைகளும் வாற கிழமையும் – கேள்வி பதில்

செய்யவேண்டிய வேலையளை எழுதிற கொப்பியைக் கிழமைக்கு ஒருக்கால் திரும்பிப் பாக்கச் சொல்லுறியள். அதில சரியா என்ன செய்யிறது?

மூன்று வேலை, வரிசை மாறாமல். முதலில் போன கிழமைப் பக்கத்தைத் திறந்து, முடிந்ததை வெட்டிவிட்டு, மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு முடிவு சொல்ல வேண்டும். அடுத்தது, வெளியே சிதறிக் கிடப்பதைக் கொப்பிக்குள் கொண்டுவருவது: வட்ஸ்அப்பில் யாரோ கேட்டது, கடை பில்லின் பின்பக்கத்தில் கிறுக்கியது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் ரீச்சர் எழுதிவிட்டது. கடைசியாகத்தான் வருகிற ஏழு நாளையும் பார்த்து, எது எந்த நாளில் என்று எழுதுவது.

பலர் மூன்றாவதில் தொடங்குவார்கள். புதுப் பக்கம், வடிவான எழுத்து, பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை வந்ததும் போன கிழமை மிச்சம் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும், வடிவான பக்கம் குழம்பிப் போகும். மிச்சத்துக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் புது வேலைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும்.

அரை மணித்தியாலம் போதும். முதல் இரண்டு மூன்று தடவை ஒரு மணித்தியாலம் வரை இழுக்கும், ஏனென்றால் பல மாத மிச்சம் ஒரேயடியாக மேசைக்கு வரும்.

எந்த நாள் நல்லது? ஞாயிறு பின்னேரம் இதைச் செய்தால் இரவு நித்திரை வராதே?

பிள்ளைகளின் ரியூசன் முடிந்து, சமையலும் ஒதுங்கிய ஞாயிறு பின்னேரம் நாலரை, ஐந்து மணி பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவரும். கந்தோர் வேலையில் இருப்பவர்களுக்கு வெள்ளி மூன்று மணி இன்னும் நல்லது. யாருக்காவது போன் எடுத்துக் கேட்கவேண்டியிருந்தால் வெள்ளி மூன்று மணிக்கு ஆட்கள் கிடைப்பார்கள், ஞாயிறு கிடைக்கமாட்டார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் அதே நாள், அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நேரம் கிடைக்கேக்க பாப்பம்" என்றால் அந்தக் கிழமை நடக்காது.

நித்திரையைப் பற்றிய பயத்துக்கு நேர்மாறாகத்தான் ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளையவர்களைப் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுத வைத்தார்கள். ஒரு பகுதியினர் செய்து முடித்ததை எழுதினார்கள், மற்றவர்கள் இனிச் செய்ய வேண்டியதை எழுதினார்கள். 2018 இல் வெளியான முடிவின்படி, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முந்தி நித்திரையானார்கள். அவர்களுக்குள்ளும் விபரமாக எழுதியவர்கள் இன்னும் முந்தினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் நான் பார்த்த ஆட்களோடும் ஒத்துப்போகிறது. நித்திரையைக் கெடுப்பது எழுதாமல் தலைக்குள் சுற்றுவதுதான்.

மிஞ்சினதை அப்பிடியே அடுத்த பக்கத்தில எழுதிறன். மூண்டு மாசமா ஒரே வேலை பக்கம் பக்கமா வருது. ஏன் முடியுதில்லை?

எழுதியிருக்கும் சொற்களைப் பாருங்கள். "மோட்டார் சைக்கிள் வரி" என்று இருக்கும். செவ்வாய் காலை பத்து மணிக்கு அதைப் பார்க்கும் ஆள் எழும்பி எங்கே போவது? வரி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனால் செல்லுபடியாகும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். காப்புறுதி முடிந்திருந்தால் முதலில் அது, பிறகு புகைப் பரிசோதனை, பிறகுதான் பிரதேச செயலகம். ஒரே பெயரில் மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. முதலாவது படி வெறும் போன் கோல்: "காப்புறுதி எந்தத் திகதியோடை முடியுது?" என்று கேட்பது. அது எழுதப்படாததால் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்லுவது ஒன்றுதான்: மிஞ்சிய வரியை எழுத்து மாறாமல் பிரதி எடுக்கக் கூடாது. அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் அதில் ஏதாவது மாற வேண்டும். சொல் மாறலாம், செய்யும் நாள் மாறலாம், செய்யும் ஆள் மாறலாம். ஒன்றும் மாற்ற முடியாவிட்டால் அது அந்தப் பக்கத்துக்கு உரியதல்ல.

முதல் தடவை மிஞ்சுவதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், மழை வந்திருக்கும். புது நாள் ஒன்றைக் கொடுத்தால் போதும். இரண்டாம் தடவையும் மிஞ்சினால் காரணம் பார்க்க வேண்டும். முதல் படி என்னவென்று தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் வரியைத் திருப்பி எழுதுங்கள், அது "எடு", "கேள்", "வாங்கு" போல ஒரு செயலோடு முடியவேண்டும். பொருள் ஏதாவது குறைந்திருக்கலாம். அப்போது அந்தப் பொருளை வாங்குவதுதான் வேலை, மற்றது அதற்குப் பிறகு. வேறு யாரோ செய்ய வேண்டியிருக்கலாம். அதற்குத் தனிப் பக்கம் உண்டு, கீழே சொல்கிறேன். இவை மூன்றும் இல்லாவிட்டால், உங்களுக்கு அதைச் செய்ய விருப்பமில்லை. அதுவும் ஒரு காரணம்தான், மறைக்கத் தேவையில்லை.

மூன்றாம் தடவை அதே வடிவில் எழுதப் பேனை போனால் நிறுத்திவிடுங்கள். அங்கேயே பத்து நிமிடத்தில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வெட்டுங்கள்.

உண்மையான ஆளின்ரை கொப்பி ஒண்டை வைச்சுச் சொல்லுங்கோவன்.

கொக்குவிலில் வீட்டோடு தையல் செய்யும் என் மச்சாளின் கொப்பியை எடுக்கிறேன், அவவின் சம்மதத்தோடுதான். சாதாரண சீ.ஆர். கொப்பி. இடப்பக்கம் கிழமை வேலை, வலப்பக்கம் ஏழு நாள். ஒரு ஞாயிறு அதில் ஆறு வரி மிஞ்சியிருந்தது: மோட்டார் சைக்கிள் வரி, ஓவர்லொக் மெசின் திருத்த, திருநெல்வேலி ஆளின் சாறிச் சட்டை நாலு, மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, விலைப்பட்டியல் அடிக்க, ஆங்கில வகுப்பு.

நாலு சட்டையும் ஏன் மிஞ்சின என்று கேட்டேன். "நேரம் இல்லை" என்றா. கொஞ்சம் கிண்டினால், வெட்டி வைத்தாயிற்று, நிறத்துக்கு ஏற்ற லைனிங் துணி வீட்டில் இல்லை. இருக்கிற நேரத்தில் அவ வேறு தையலை எடுத்திருக்கிறா. ஆகவே அந்த வரி இப்படி மாறியது: "திங்கள் காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும் வழியில் லைனிங் வாங்கு." சட்டை தைப்பது அதற்குக் கீழே, செவ்வாயிலிருந்து.

மோட்டார் சைக்கிள் வரி அவவின் கொப்பியில் ஏற்கெனவே பல பக்கம் பார்த்துவிட்டது. அங்கேயே காப்புறுதிக் கடுதாசியை எடுத்துப் பார்த்தோம், இன்னும் செல்லுபடியாகும். எனவே மிச்சம் இரண்டு படி. செவ்வாய் காலை புகைப் பரிசோதனை, புதன் காலை நல்லூர் பிரதேச செயலகம். வியாழன் பூரணை, கந்தோர் பூட்டு. அது அன்றுதான் கண்ணில் பட்டது. வழக்கம்போல "வியாழன் பாப்பம்" என்று போட்டிருந்தால் இன்னொரு பக்கத்துக்கு வந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் அதே புதன் பயணத்தோடு சேர்ந்தது, விண்ணப்பப் படிவம் எடுப்பது மட்டும்.

ஓவர்லொக் மெசின் அவவின் வேலையே இல்லை. திருத்துபவர் வருகிறேன் என்று சொல்லி வராமல் இருக்கிறார். வரிக்கு முன்னால் "கா" என்று போட்டு காத்திருப்புப் பக்கத்துக்கு மாற்றினா.

விலைப்பட்டியலும் ஆங்கில வகுப்பும் மிச்சம். விலைப்பட்டியலுக்கு அந்தக் கிழமை இடமில்லை, அந்தக் கணக்கு அடுத்த கேள்வியில் வரும். ஆங்கில வகுப்பைப் பற்றிக் கேட்டதும் சிரித்தா. "அது போன வருசத்து ஆசை." கொப்பியின் கடைசிப் பக்கத்தில் "பிறகு" என்று ஒரு தலைப்புப் போட்டு அங்கே எழுதினா. கிழமைப் பக்கத்தில் இருந்து அது போனதும் பக்கம் வெளிச்சமானது.

ஒரு கிழமைக்கு எவ்வளவு வேலை எழுதலாம்? நான் இருபது எழுதினால் எட்டுத்தான் முடியுது.

எண்ணிக்கையால் பார்க்காமல் மணித்தியாலத்தால் பாருங்கள். மச்சாளின் அந்தக் கிழமையை வைத்தே கணக்குப் போடுவோம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், காலை நாலு மணித்தியாலம், இரவு இரண்டு. மூன்று நாளுக்கும் 18. வியாழன் பூரணை, பிள்ளைகள் வீட்டில், இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் பெரிய காரியம். வெள்ளி கோயிலும் சமையலும் போக நாலு, சனி நாலு. மொத்தம் 28.

இதில் காற்பங்கை, அதாவது 7 மணித்தியாலத்தை, எழுதாமல் விட வேண்டும். அளவு குடுக்க வருபவர்கள், "கொஞ்சம் இறுக்கிப் போட்டுத் தாங்கோ" என்று கொண்டுவந்து நீட்டுபவர்கள், அம்மாவைக் கிளினிக் கூட்டிப் போவது எல்லாம் அதற்குள் வரும். மிச்சம் 21. நாலு சட்டைக்கு இரண்டரை வீதம் 10, இரண்டு பள்ளிச் சீருடைக்கு மூன்று வீதம் 6. ஐந்து மணித்தியாலம்தான் மிச்சம். புகைப் பரிசோதனையும் பிரதேச செயலகமும் மூன்றைச் சாப்பிடும், லைனிங் வாங்க ஒன்று. கடைசியில் ஒரு மணித்தியாலம். விலைப்பட்டியலுக்கு இரண்டு வேண்டும், எனவே அது அந்தக் கிழமை இல்லை. இதை ஞாயிறே தெரிந்துகொண்டதால் சனி இரவு மனச்சுமை இல்லை.

ஒரு சட்டைக்கு இரண்டரை என்பது எப்படி வந்தது? அவ முதலில் சொன்னது ஒன்றரை. வெட்டித் தைக்கும் நேரத்தை மட்டும் எண்ணியிருந்தா. லைனிங், கையோரம், ஹூக், அயன் எல்லாம் எண்ணவில்லை. இரண்டு சட்டைக்கு மணிக்கூட்டைப் பார்த்து எழுதியதும் கணக்கு மாறியது. இது அவவின் குறை மட்டும் இல்லை. கனடாவில் இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் எடுத்தது. எல்லாம் பிழைத்தால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன 49 நாளும் போதவில்லை. 1994 இல் வெளியான ஆய்வு அது. எல்லாம் சரியாகப் போனால் என்று நினைத்துத்தான் நாங்கள் நேரம் சொல்கிறோம். போன தடவை எவ்வளவு எடுத்தது என்ற எண்ணை மட்டும் நம்புங்கள்.

மற்றவையிட்ட நிக்கிற வேலையை என்ன செய்யிறது? மேசன் வரேல்லை, விதானையார் கையெழுத்து வைக்கேல்லை.

கொப்பியின் நடுவில் ஒரு பக்கத்தைக் காத்திருப்புக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் யார், என்ன, எப்போது சொன்னார், நான் எப்போது திரும்பக் கேட்பேன். கடைசி இரண்டும் முக்கியம். "மெசின் திருத்துபவர், ஓவர்லொக், திங்கள் வருவேன் என்றவர், செவ்வாய் எட்டு மணிக்குப் போன் எடு" என்று இருந்தால் செவ்வாய் காலையில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தேதி இல்லாத காத்திருப்பு முணுமுணுப்பாகவே மிஞ்சும்.

விதானையாரின் கையெழுத்து என்றால் அவர் எந்த நாள், எந்த நேரம் கந்தோரில் இருப்பார் என்பதைப் பக்கத்தின் மேலேயே எழுதிவையுங்கள். கந்தோர் வாசலில் ஒட்டியிருக்கும், ஒருக்கால் போனில் படம் எடுத்தால் வருசம் முழுக்க உதவும். அவர் கள வேலைக்குப் போன நாளில் போய்த் திரும்புவதால் போகும் மணித்தியாலங்கள் ஊரில் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு கிழமை கேட்டும் அசையாத ஆளை வேறு ஆளாக மாற்றலாமா என்று மூன்றாம் ஞாயிறு யோசியுங்கள். சொந்தக்காரராக இருந்தால் சிக்கல்தான், அது எனக்கும் தெரியும். பெரியவர்களிடம் கேட்கும்போது "எப்ப செய்வியள்?" என்று கேட்பதைவிட "செவ்வாய் நான் வந்து எடுக்கட்டோ?" என்று கேட்டால் மரியாதையும் குறையாது, நாளும் கிடைக்கும்.

திட்டம் போட்டாலும் எங்கடை ஊரில நிக்குதே? செத்தவீடு, கோயில், மழை, கரண்ட்.

முன்கூட்டியே தெரிவதை ஞாயிறே கலண்டரில் பார்த்து வலப்பக்கத்தில் முதலில் எழுதுங்கள், வேலைகளை அதன் பிறகு. பூரணை, விரத நாள், கலியாணவீடு, பள்ளிக்கூட விடுமுறை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனத்தோடு போய்வருவது சிரமம். அந்தப் பக்கக் காரியங்களை முதலோ பிறகோ தள்ளலாம். செவ்வாயில் புதுக் காரியம் தொடங்கமாட்டோம் என்ற வீடு என்றால் செவ்வாயைத் தொடங்கிய வேலையைத் தொடரும் நாளாக வையுங்கள். ராகுகாலம் பார்த்துப் போகிறவர்கள் அதையும் குறித்தால் நல்லது. நம்பிக்கையைப் பற்றிய வாதம் எனக்கு வேண்டாம். பாராமல் போட்டுவிட்டுப் பிறகு மாற்றுவதுதான் நட்டம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த மாதங்களில் வெளிவேலையைக் கிழமையின் முதல் பாதியில் போட்டால், மழை பிடித்தாலும் அடுத்த பாதி இருக்கும்.

மின்தடை அறிவித்தல் பெரும்பாலும் முதல் நாள்தான் கண்ணில் படும், ஞாயிறே தெரியாது. அதற்கு மச்சாள் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறா. ஹூக் தைப்பது, ஓரம் கையால் மடிப்பது, நூல் வெட்டுவது எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வைப்பா. கரண்ட் நின்றால் அந்தப் பை வெளியே வரும். உங்கள் தொழிலிலும் கரண்ட் இல்லாமல் செய்யக்கூடிய வேலை சில இருக்கும், அவற்றுக்கு நாள் போட வேண்டாம், தனியாக எழுதி வையுங்கள்.

செத்தவீட்டுக்கு யாரும் திட்டம் போடுவதில்லை. அந்தக் கிழமை முழுக்கப் போகும். அடுத்த ஞாயிறு எல்லா வரிக்கும் புது நாள் கொடுங்கள், மிஞ்சிய கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

வெட்டிறதுக்கு மனம் வருதில்லை. பிறகு தேவைப்பட்டால்?

அதற்குத்தான் கடைசிப் பக்கத்தின் "பிறகு". அங்கே போனது அழியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, நாலு கிழமைக்கு ஒருக்கால், அந்தப் பக்கத்தை வாசியுங்கள். ஏதாவது ஒன்று இப்போது வேண்டும் என்று தோன்றினால் முதல் படியோடு கிழமைப் பக்கத்துக்கு எடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். மற்றவருக்குக் கொடுத்த வாக்கை "பிறகு" பக்கத்தில் ஒளிக்கக் கூடாது. செய்ய முடியாவிட்டால் ஆளுக்குச் சொல்லிவிட்டு வெட்ட வேண்டும். "மாமி, இந்த மாதம் என்னால ஏலாது, வேறை ஆளிட்டைக் குடுங்கோ" என்று போனில் சொல்வதுதான் அந்த வரியின் கடைசிப் படி. சொல்லாமல் வெட்டினால் கொப்பியில்தான் முடிந்திருக்கும், மாமி இன்னும் காத்துக்கொண்டிருப்பா.

கொப்பியோ போனோ?

எதுவும் சரி. கொப்பியில் மிச்சத்தைக் கையால் திருப்பி எழுத வேண்டும், அந்தச் சலிப்பே இதை இன்னும் வைத்திருக்கவேணுமா என்று கேட்கவைக்கும். போனில் வேலை தானாக அடுத்த நாளுக்குப் போய்விடும், யாரும் எதையும் முடிவு செய்யாமலே. அதுதான் அதில் உள்ள ஆபத்து. நேரம் தவறக்கூடாத ஒன்றுக்கு, கிளினிக் நம்பர் எடுப்பது போல, போன் மணி அடிக்கட்டும். மற்றதைக் கொப்பி பார்க்கும்.

வீட்டுக்காரரும் பிள்ளையளும் சேரலாமோ?

முதல் பகுதியைத் தனிய செய்யுங்கள். மிச்சம் பார்ப்பதை வீட்டார் முன்னால் செய்தால் அது விசாரணையாகிவிடும். ஏழு நாளைப் பிரிக்கும்போது பத்து நிமிடம் கூப்பிடுங்கள்: யாருக்கு எந்த நாள் மோட்டார் சைக்கிள் வேணும், ரியூசன் எத்தனை மணிக்கு, யார் ஏற்றப் போவது. மச்சாள் வீட்டில் இந்தப் பத்து நிமிடத்தில்தான் புதன் காலை மோட்டார் சைக்கிள் தனக்கு என்று சொல்லி வைத்தா. இல்லாவிட்டால் அத்தான் அதில் வேலைக்குப் போயிருப்பார், பிரதேச செயலகப் பயணம் மறுபடி மிஞ்சியிருக்கும்.

இரண்டு மூண்டு கிழமை விட்டுட்டன். திரும்ப எங்கை இருந்து தொடங்கிறது?

விட்ட கிழமைகளுக்குத் தனித்தனிப் பக்கம் நிரப்ப வேண்டாம். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து, இன்றைக்கும் பொருந்தும் வரிகளை மட்டும் எடுங்கள். திகதி கடந்து போனதை வெட்டுங்கள். காத்திருப்புப் பக்கத்தில் உள்ள ஆட்களுக்கு ஒரு சுற்றுப் போன் எடுங்கள், அதிலேயே பாதி முடிந்திருக்கும் அல்லது இனித் தேவையில்லை என்று தெரியும். பிறகு வருகிற ஏழு நாளை மட்டும் எழுதுங்கள். முழு அரை மணித்தியாலம் கிடைக்காத ஞாயிறில் மிச்சத்தை மட்டும் பாருங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும், நாள் போடுவதைத் திங்கள் காலை தேத்தண்ணியோடு முடிக்கலாம்.